இரவில் பொய்ப்பல்லைக் கழற்றி வைக்கச் சொல்வது ஏன்?

(ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் மண்டபத்தில் நடக்கும் முதியோர் சங்கக் கூட்டத்துக்காக ஒரு பல் வைத்தியர் எழுதிய உரை)

பெரியவர்களே, வணக்கம்.

பல் இருக்கிறவர்களுக்குப் பல் துலக்கச் சொல்லித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கே வந்து சொல்லித் தருகிறார்கள். பல் போனவர்களிடம்தான் யாரும் பேசுவதில்லை. பல்லே இல்லையென்றால் பல் வைத்தியருக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். மேலே முழுத் தட்டு, கீழே அரைத் தட்டு, அல்லது முன்னால் ஒற்றைப் பல் கட்டியவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப் பேராவது இருப்பீர்கள். நான் பேசப்போவது உங்களிடம்தான். அதிலும் பல்லைப் பற்றிக் குறைவாகவும், தட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் சதையைப் பற்றிக் கூடுதலாகவும் பேசப்போகிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பாயியைப் பற்றி முதலில் சொல்கிறேன். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. வந்தவர் பல்லைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. வாயின் இரண்டு ஓரமும் வெடித்திருக்கிறது, கொட்டாவி விட்டால் இரத்தம் கசிகிறது, சத்துக் குறைவு என்று யாரோ கொடுத்த விற்றமின் குளிசையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஆறவில்லை என்றார். மேல் தட்டைக் கழற்றச் சொன்னேன். கூட வந்திருந்த மருமகளைப் பார்த்தார், கழற்றவில்லை. மருமகளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் கை வாய்க்குப் போனது.

அண்ணத்தில் தட்டு உட்கார்ந்திருந்த இடம் முழுவதும் செக்கச் செவேல் என்று இருந்தது. தட்டின் ஓரம் எங்கே முடிகிறதோ, சிவப்பும் சரியாக அங்கேயே முடிந்தது. அதற்கு அப்பால் சதை வழக்கமான இளஞ்சிவப்பாக இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். காரம் பட்டால் சற்று எரியும், அவ்வளவுதான். இரவில் தட்டைக் கழற்றுவீர்களா என்று கேட்டதும் சிரித்தார். ஒரே அறையில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் படுக்கிறார்கள், பொக்கை வாயை எப்படிக் காட்டுவது என்றார். செட் கட்டி ஒன்பது வருடம். ஒரு நாள் இரவுகூட அவர் அதைக் கழற்றியதில்லை.

அவருக்கு நடந்தது என்ன? பொய்ப்பல் தட்டு அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. நாக்குப் படும் பக்கத்தை வழவழப்பாக மெருகேற்றித் தருகிறோம். அண்ணத்தோடு ஒட்டும் பக்கத்தை மெருகேற்றுவதில்லை. மெருகேற்றினால் அளவு தேய்ந்து, தட்டு சரியாக உட்காராது. அதனால் அந்தப் பக்கம் நுண்ணிய சொரசொரப்போடும் கண்ணுக்குத் தெரியாத துளைகளோடும்தான் இருக்கும். சாப்பாட்டுத் துகளும் கிருமிகளும் படிந்து ஒட்டிக்கொள்ள அதைவிட வசதியான இடம் வாயில் கிடையாது.

அந்தக் கிருமிகளில் ஒன்று கன்டிடா என்ற பூஞ்சை. இது வெளியிலிருந்து வந்து தொற்றுவதல்ல. நம்மில் பலருடைய வாயிலும் எப்போதும் சிறிதளவு இருப்பதுதான். உமிழ்நீர் ஓடி ஓடிக் கழுவுவதால் அது அடங்கிக் கிடக்கிறது. தட்டுக்கு அடியில் உமிழ்நீர் போய்வர வழியில்லை. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பதே வெகுவாகக் குறைந்துவிடும். மழைக்காலத்தில் நாள் முழுவதும் ரப்பர் சப்பாத்துப் போட்டிருந்த கால் மாலையில் எப்படி ஊறிப்போய் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதே சப்பாத்தோடு இரவும் படுத்து, மறுநாளும் வேலைக்குப் போனால் காலின் கதி என்னவோ, அதுதான் அந்த அண்ணத்தின் கதி.

வலி இல்லாததுதான் இதில் வில்லங்கம். வலித்தால் ஓடி வந்திருப்பார்கள். அந்தப் பூஞ்சை உமிழ்நீரோடு கலந்து வாயோரத்துக்கும் வந்து சேரும். செட் பழையதாகிப் பற்கள் தேய்ந்திருந்தால், வாயை மூடும்போது மூக்கும் தாடையும் முன்பைவிடக் கிட்ட வந்துவிடும். உதட்டோரத்தில் மடிப்பு விழுந்து, அதில் எச்சில் தேங்கும். ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் தோல் வெடிக்காமல் என்ன செய்யும்? அப்பாயியின் வாயோரம் ஆறாததற்குக் காரணம் இதுதான். நோயின் இருப்பிடம் தட்டில் இருக்க, விற்றமின் குளிசையால் அதை எப்படி மாற்ற முடியும்?

சிலருக்கு இது சீக்கிரம் வரும். நீரிழிவு, அதாவது சீனி வியாதி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், பிரஷருக்கும் தூக்கத்துக்கும் எடுக்கும் மருந்தால் வாய் வறண்டுபோகிறவர்கள், இளைப்புக்குப் பம்ப் இழுக்கிறவர்கள். பம்ப் இழுத்தவுடன் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். சிவந்த அண்ணம் அடிக்கடி திரும்பி வந்தால் இரத்தத்தில் சீனியைப் பார்க்கச் சொல்வோம். சீனி வியாதி இருப்பதே அப்படித் தெரியவந்தவர்கள் உண்டு.

நுரையீரலையும் சொல்ல வேண்டும். தூக்கத்தில் வாயில் ஊறும் எச்சில் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது வயதானவர்களுக்கு வழக்கமாக நடப்பது. அந்த எச்சிலில் தட்டுக்கடியில் வளர்ந்த கிருமிகளும் இருந்தால்? ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 முதியவர்களை மூன்று வருடங்கள் கவனித்து, 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பொய்ப்பல்லோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து, கழற்றிவிட்டுத் தூங்கியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. தட்டுதான் நேரடிக் காரணம் என்று அதிலிருந்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்தக் குளிரில், வருடத்தில் பாதி நாள் நெஞ்சுச் சளியோடு இருக்கிற நமக்கு, அதைத் தள்ளிவிட்டுப் போகவும் முடியாது.

சரி, இரவில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். ஒரு பேசினில் பாதியளவு தண்ணீர் வையுங்கள், அல்லது அடியில் ஒரு துவாயை மடித்துப் போடுங்கள். தட்டு கைநழுவினால் அதில் விழட்டும். உடைந்து எங்களிடம் வரும் செட்களில் பலவும் கடித்து உடைந்தவையல்ல, சீமெந்துத் தரையிலும் பீலியடியிலும் கழுவும்போது விழுந்தவை. கழற்றிய தட்டைக் குழந்தைகளுக்கு வாங்குவது போன்ற மென்மையான பிரஷால், சாதாரணக் கைச் சவர்க்காரம் அல்லது பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி போட்டுத் தேய்க்க வேண்டும். எல்லோரும் பல்லின் பக்கத்தைத்தான் பளபளவென்று தேய்க்கிறார்கள். தேய்க்க வேண்டியது அண்ணத்தில் ஒட்டும் குழிவான பக்கத்தை. தேய்த்து முடித்ததும் அங்கே விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பு இருந்தால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

பற்பசையை இதற்குப் பாவிக்க வேண்டாம். பல்லின் மேலோடான மிளிரி கடினமானது, பற்பசையில் இருக்கும் நுண்ணிய தூளைத் தாங்கும். அக்ரிலிக் தாங்காது. கீறல் விழும், அந்தக் கீறலில் இன்னும் அதிகமாக அழுக்குப் பிடிக்கும். உமிக்கரியும் சாம்பலும் அதைவிட மோசம்.

கொதிநீரும் கூடாது. நமது ஊர்க் குளிரில் எதையும் சுடுநீரில் கழுவுவதுதான் சுகம், எனக்கும் அது தெரியும். ஆனால் கேத்தல் தண்ணீர் பட்ட தட்டு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வாயில் வைத்தால் ஆடும். வளைந்ததை நாங்கள் திரும்ப நிமிர்த்த முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். கழுவிய தட்டை அடுப்படியில் காயவைப்பதும் அப்படித்தான்.

கழுவிய பிறகு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், தட்டு மூழ்கும் அளவு சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காய்ந்தால் அக்ரிலிக் சற்றுச் சுருங்கும், அதற்காகத்தான் தண்ணீர். மூடி எதற்கு என்றால், எலிக்கும் நாய்க்கும். சிரிக்காதீர்கள், நாய் கடித்துக் குதறிய செட்டைத் துணியில் முடிந்துகொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தட்டை அலசிப் போட்டுக்கொள்ளலாம். டப்பாவைக் கழுவாமல் அதே தண்ணீரில் மறுநாளும் போட்டால், செய்த வேலையெல்லாம் வீண்.

தட்டைக் கழற்றிய பிறகு வாய்க்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி, அண்ணத்தையும் முரசையும் மெதுவாகத் துடையுங்கள். நாக்கையும் சேர்த்துத் துடைக்கலாம். அரை நிமிட வேலை.

வெட்கத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் அப்பாயி தட்டைக் கழற்றாததற்கு அறியாமை காரணமல்ல. விளக்கணைத்த பிறகு கழற்றி, தலைமாட்டில் டப்பாவில் போடுங்கள், விடிவதற்கு முன் போட்டுக்கொள்ளுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று அவரிடம் சொன்னேன். இரவில் முடியவே முடியாது என்கிறவர்கள், பிள்ளைகள் மலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு பகலில் சில மணி நேரமாவது கழற்றி வையுங்கள். இரவு அளவுக்கு நல்லதல்ல. ஆனாலும் சதைக்கு ஓய்வு கிடைக்கும்.

முன்னால் ஒன்றிரண்டு பல் மட்டும் கட்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தத் தட்டு சின்னது. தூக்கத்தில் கழன்றால் தொண்டையில் இறங்கிவிடும். கம்பிக் கொக்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் அறுவைச் சிகிச்சை வரை போக நேரும்.

அப்பாயிக்கு என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. இரவில் தட்டை நிறுத்தினோம். பூஞ்சைக்கு நிஸ்டடின் என்ற சொட்டு மருந்தும், வாயோரத்துக்குக் களிம்பும் கொடுத்தோம். இதே நோய்க்கு வாயில் பூசும் மைக்கோனசோல் ஜெல் என்று ஒன்றும் உண்டு. இதயத்துக்காக இரத்தத்தை மெலிதாக்கும் வோபரின் குளிசை எடுப்பவர்கள் அதைப் பூசினால், வோபரினின் வேகம் கூடி இரத்தக்கசிவு வரலாம். ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு வாரத்தில் அண்ணத்தின் சிவப்பு பெரும்பாலும் இறங்கியிருந்தது. அதன் பிறகுதான் புதுச் செட்டுக்கு அளவு எடுத்தோம். வீங்கிய சதையில் அளவு எடுத்தால், வீக்கம் வற்றியதும் புதுத் தட்டு தொளதொளவென்று ஆகிவிடும்.

ஒன்பது வருடம் ஒரே செட் என்பது எங்கள் கணக்கில் நீளம். பல்லைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரையத் தொடங்கும். முதல் வருடத்தில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஆனால் நிற்காமல் கரைந்துகொண்டே போகும். கீழ்த் தாடை மேலதைவிடப் பல மடங்கு கரைகிறது. தட்டு மாறாமல் இருக்க, அதற்கு அடியில் உள்ள மேடு தாழ்ந்துகொண்டே வரும். மேல் தட்டு அகன்ற அண்ணத்தில் எச்சிலின் ஒட்டுதலால் நிற்கிறது. கீழ்த் தட்டுக்கு அந்த அகலமும் இல்லை, போதாததற்கு நாக்கும் அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆகவே கீழ் செட் கொஞ்சம் ஆடுவதற்குச் செய்தவரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் ஆட்டம் புதிதாகக் கூடினால், ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், காட்ட வேண்டும். பழைய தட்டின் உட்பக்கத்துக்குப் புது அக்ரிலிக் பூசி இறுக்கித் தர முடிகிற செட்களும் உண்டு.

வீட்டில் செய்யும் வைத்தியங்களும் எனக்குத் தெரியும். பஞ்சு வைத்து இறுக்குவது, குத்துகிற இடத்தைக் கத்தியால் சுரண்டுவது, அரத்தால் ராவுவது. குத்துகிற இடம் எது என்று வாய்க்குள்ளிருந்து பார்க்காமல் ராவினால், ராவ வேண்டிய இடம் அப்படியே இருக்கும், தட்டைப் பிடித்து வைத்திருந்த ஓரம் போய்விடும். பட்டணத்தில் குறைந்த காசுக்கு, கழற்றத் தேவையில்லாதபடி பக்கத்துப் பல்லோடு ஒட்டித் தருகிறேன் என்பவர்களிடமும் போகாதீர்கள். கழற்றாத தட்டைக் கழுவ முடியாது. ஒன்றுக்கு இரண்டாக நல்ல பல்லும் உள்ளே அழுகிப்போகும். அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவில் கேளுங்கள். அங்கே செட் செய்ய வசதி இல்லாவிட்டால் எங்கே போவது என்று எழுதித் தருவார்கள். பேராதனைப் பல் வைத்தியசாலையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டிவரும், அதை மறைக்க மாட்டேன்.

இனி வெற்றிலை. போடாதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்வது என் கடமை. பாக்கு மட்டுமே, புகையிலை சேராவிட்டாலும், வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் அறிக்கை வெளியிட்டது. பல் போனதால் உரலில் இடித்துப் போட்டாலும் அது அதே பாக்குத்தான். தட்டோடு வெற்றிலை போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கன்னத்தில் ஒரு புண் வந்தால், "செட் குத்திவிட்டது" என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி ஒன்று இருக்கிறது. குத்தும் தட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். தட்டால் வந்த புண் சில நாட்களிலேயே ஆறத் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் போய்விடும். தட்டு இல்லாமலும் இரண்டு வாரத்தில் ஆறாத புண், வலி இல்லாவிட்டாலும், விளிம்பு தடிக்காவிட்டாலும், மறுநாளே வைத்தியசாலைக்கு வர வேண்டும். துடைத்தால் போகாத வெள்ளைப் படையும் சிவப்புப் படையும் அப்படித்தான். உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். முன்பு போனது இப்போது போகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பாக்கு கன்னத்துச் சதையை இறுக்கிக்கொண்டு வருகிறது என்பதன் அடையாளம் அது.

வெற்றிலைச் சுண்ணாம்பு தட்டில் பழுப்பாகக் கட்டிப் பிடிக்கும். அதை பிளேடால் சுரண்ட வேண்டாம். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து அதில் ஊறவைத்தால் இளகும், பிறகு தேய்த்து நன்றாக அலசுங்கள். உலோகக் கம்பியோ உலோகத் தட்டோ உள்ள செட்டுக்கு இதைச் செய்யாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

சொந்தப் பல் சில மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொக்கி மாட்டும் பல்தான் முதலில் அழுகும். முரசு இறங்கி வெளியே தெரிகிற வேரில் மிளிரி கிடையாது. உமிக்கரி போட்டுத் தேய்த்தால் வேரிலேயே வெட்டு விழும். புளோரைட் உள்ள பற்பசையால் படுக்கும் முன் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்காமல் படுங்கள். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைட்டும் போய்விடும்.

தேநீரைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முழு மேல் தட்டு அண்ணத்தை மூடிவிடுவதால், வாயில் இருக்கும்போது சூடு சரியாக உறைக்காது. தொண்டையில் இறங்கிய பிறகுதான் சுடும். முதல் மடக்கை உதட்டிலும் நாக்கு நுனியிலும் பார்த்துவிட்டுக் குடியுங்கள். புதிதாகச் செட் கட்டியவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, எங்களிடம் வரும்போது எப்படி வருவது என்று. செட் குத்துகிறது என்று இரண்டு வாரம் கழற்றி வைத்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வாயைப் பார்த்தால் புண் ஆறியிருக்கும், எங்கே குத்தியது என்று எனக்குத் தெரியாது, நான் எதை ராவுவது? புண் ஆறாவிட்டால் அப்படியே வாருங்கள், அது வேறு விடயம். ஆறிவிட்டது, ஆனால் போட்டால் மறுபடி குத்துகிறது என்றால், வருவதற்கு முதல் நாள் செட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், வரும் அன்று காலையிலும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சிவந்த தடம் இருக்கும், அதை வைத்துத் தட்டில் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். செட் உடைந்திருந்தால் கடையில் வாங்கும் பசையால் ஒட்ட வேண்டாம். ஒட்டிய விளிம்பு மறுபடி பொருந்தாது. எத்தனை துண்டாக இருந்தாலும், உதிர்ந்த ஒற்றைப் பல்லையும் சேர்த்து, ஒரு டப்பாவில் கொண்டு வாருங்கள்.